பாயில் வந்த அரிப்பு, பைப்பில் வந்த அரிப்பு

கேரி தீவில், தோட்டத்து லயத்தில் நான் வளர்ந்த நாளில், நடுராத்திரி பிள்ளை சிணுங்கினால் பாட்டி விளக்கை ஏற்றும் முன்பே காரணத்தைச் சொல்லிவிடுவார்: "கீரிப்பூச்சி கடிக்குது." ஒரே அறை, ஒரே பாய், ஆறு பிள்ளைகள். ஒருவருக்கு வந்தால் ஒரு மாதத்துக்குள் எல்லோருக்கும் வந்துவிடும். பாட்டி தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டு அந்த இடத்தில் தடவிவிட்டு, "ஞாயித்துக்கெழம வெளக்கெண்ண" என்று தீர்ப்பு எழுதுவார். ஞாயிறு விடியலில் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி உள்ளே போகும். மூக்கைப் பிடித்துக்கொள்ள ஒரு அக்காவும், ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ள அண்ணனும் நிற்பார்கள்.

அன்று இரவில் வந்த அரிப்புக்கு எங்களுக்குத் தெரிந்த பொருள் ஒன்றே ஒன்றுதான். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்தது. அரசாங்கக் கிளினிக்கில் முப்பது வருஷம் மிஸ்ஸியாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு விளங்கியது வேறொன்று. அரிப்பு அதே ராத்திரியில்தான் வருகிறது, காரணம் மட்டும் மாறிவிட்டது. ஆனால் பாட்டி காலத்துப் பதிலை நாம் இன்னும் கைவிடவில்லை.

முதலில் அந்தப் பழைய காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கீரிப்பூச்சி என்பது வெள்ளைத் தையல் நூலில் ஒரு சென்டிமீட்டர் கிள்ளிப் போட்டதுபோல் இருக்கும் புழு. பெருங்குடலின் தொடக்கத்தில் வாழும். முட்டை நிறைந்த பெண்புழு, பிள்ளை தூங்கி உடம்பு தளர்ந்ததும் ஆசனவாய் வழியே வெளியே வந்து, சுற்றியுள்ள தோல் மடிப்பில் பசை போன்ற ஒன்றோடு சுமார் 10,000 முட்டைகளை இட்டுச் செத்துப்போகும். அரிப்பு அந்தப் பசையால் வருவது. சொறிந்தால் முட்டை நகத்துக்குள் ஏறும். ஆறு மணி நேரத்துக்குள் அது தொற்றக்கூடியதாக முதிர்ந்துவிடும். காலையில் கை வாய்க்குப் போனால் அந்தப் பிள்ளைக்கே மறுபடியும் வரும். துணியிலும் பாயிலும் விழுந்தவை இரண்டு மூன்று வாரம் உயிரோடு கிடக்கும். விளக்கெண்ணெய் சில புழுக்களை அடித்துக்கொண்டு வரும். மிச்சமிருப்பவை அடுத்த மாதம் வேலையைத் தொடரும். பாட்டியின் தேங்காய் எண்ணெய் புழுவைக் கொல்லவில்லை என்றாலும், புண்ணான தோலை ஆற்றியது. அதை இப்போது நினைத்தால், அவர் கையில் இருந்தவற்றில் நல்லது அதுதான்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் வைத்திருந்த பூச்சி மருந்தும் காலத்துக்குக் காலம் மாறியது. 1950களில் பைப்பரசின் வந்தது. அதை ஒரு வாரம் தினமும் குடிக்க வேண்டும். பிறகு ஒரே வேளையில் முடியும் மருந்துகள் வந்தன: பைரன்டெல், மெபெண்டசோல், அல்பெண்டசோல். மலேசிய ஆரம்பப் பள்ளிகளில் 1974 முதல் 1983 வரை நாடு முழுக்கப் பூச்சி மருந்து கொடுத்தார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். அந்தத் திட்டம் குறிவைத்தது மண்ணிலிருந்து வரும் புழுக்களை: உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு. வயிறு வீங்கியதும், ரத்தம் குறைந்து முகம் வெளுத்ததும் அவற்றால். வாளிக் கக்கூஸ் போய்த் தண்ணீர் ஊற்றும் கக்கூஸ் வந்ததும், காலில் சிலிப்பர் ஏறியதும் அவை குறைந்தன. கீரிப்பூச்சிக்கு மண் வேண்டாம். இனிப்புத் தின்பதாலும் வராது, பூனை நாயிடமிருந்தும் வராது. மனிதன் கையிலிருந்து மனிதன் வாய்க்குப் போவது அது. அதைக் குறைத்தது கக்கூஸ் அல்ல, பாய். ஆறு பேர் படுத்த பாயில் இன்று இரண்டு பேர், அதுவும் தனித்தனிக் கட்டிலில்.

அந்த லயம் இப்போது நான் சொல்லும் லயமாக இல்லை. கடற்கரைக் கரைமேடும் வாய்க்காலும் இன்றும் உண்டு. கித்தா போய்த் தீவு முழுக்கச் செம்பனை. குலை வெட்டுவதில் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளிகள். எங்கள் ஆட்கள் பாலம் தாண்டித் தெலோக் பங்லிமா காராங், பந்திங், கிள்ளான் என்று போய்விட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் உள்ளேயே குளியலறை. கக்கூஸ் பக்கத்தில் கையில் பிடித்து அடிக்கும் பைப்பு. அலமாரியில் வாசனைச் சோப்பு, கிருமிநாசினி, ஈரத் தாள், பவுடர், நாலைந்து களிம்புக் குழாய்கள்.

எங்கள் அண்ணனுக்கு வயது 56. பூலாவ் இன்டா துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். அவருடைய கஷ்டத்தை அவர் என்னிடம் சொல்லவில்லை, எப்படிச் சொல்வார்? அண்ணிதான் அடுப்படியில் என்னை நிறுத்திவைத்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "எட்டு மாசம் இருக்கும். ராத்திரி பன்னெண்டுக்கு மேல எழுந்து உக்காந்துக்கிறாரு. பாத்ரூமுல போயி சுடுதண்ணி அடிச்சிக்கிறாரு. எரியுது எரியுதுங்கிறாரு. சட்டியில ரத்தம் புள்ளி புள்ளியா இருக்கு." சட்டி என்று அவர் சொன்னது உள்ளாடையை.

அண்ணன் முதல் வேலையாகப் பூச்சி மருந்து வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். மூன்று மாதத்தில் மூன்று தடவை. தோட்டத்தில் வளர்ந்தவருக்கு வேறு எது தோன்றும்? கேட்கவில்லை என்றதும் "அழுக்குதான் காரணம்" என்று முடிவு கட்டி, நாளுக்கு நாலு தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தார். கழுவும் தண்ணீரில் கிருமிநாசினி ஊற்றினார். ரோட்டில் இருக்கும்போது ஈரத் தாள். பிறகு மருந்துக்கடையில் ஒரு களிம்பு; பூஞ்சைக்கும் கிருமிக்கும் அரிப்புக்கும் சேர்த்து மூன்று மருந்து கலந்தது, அதில் ஒன்று வீரியமான ஸ்டீராய்டு. பூசினால் இரண்டு நாள் சொர்க்கம், நிறுத்தினால் மூன்றாம் நாள் முன்னைவிட மோசம். எட்டு மாதத்தில் ஐந்து குழாய் காலி.

கிள்ளானில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். இந்தச் சோதனைக்குப் பயந்தே பலர் வருஷக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள், அதனால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். இடதுபக்கம் திரும்பிப் படுத்து முழங்காலை மடக்க வேண்டும். நல்ல வெளிச்சத்தில் தோலைப் பார்ப்பார்கள். அதுதான் முக்கியமான பங்கு. பிறகு உறை போட்ட விரலால் ஒரு சோதனை, தேவைப்பட்டால் சிறிய குழாய் வைத்து உள்ளே ஒரு பார்வை. ஐந்து நிமிஷத்துக்குள் முடிந்தது.

டாக்டர் பார்த்தது இது. சுற்றிலும் தோல் தடித்து, ஊறிய விரல் நுனிபோல் வெளுத்து, மடிப்பு மடிப்பாக இருந்தது. அதில் சக்கரத்தின் ஆரக்கால்போல் நாலு திசையிலும் ஓடும் மெல்லிய கீறல்கள். உள்ளே முதல் கட்ட மூலம், சின்னதாக. விரலை எடுத்தபோது உறையில் மட்டுமல்ல, வெளித்தோலிலும் லேசாக மலம் ஒட்டியிருந்தது, அன்று காலை மூன்று தடவை கழுவியவருக்கு. தோலைச் சுரண்டிப் பார்த்ததில் பூஞ்சை இல்லை. மூன்று மாதச் சராசரி காட்டும் சர்க்கரைச் சோதனையில் 7.8. அண்ணனுக்குச் சர்க்கரை இருப்பதே அன்றுதான் தெரிந்தது. 2019இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். நம் ஆட்களில் இந்த அரிப்போடு வருபவருக்குச் சர்க்கரை பார்க்காமல் விடக் கூடாது. சர்க்கரை ஏறினால் ஈரமான மடிப்புகளில் பூஞ்சை சீக்கிரம் குடியேறும்.

அந்தக் கீறல்களைப் பற்றித்தான் அண்ணி மிகவும் பயந்திருந்தார். ஆசனவாய் வெடிப்பு என்று எல்லோரும் சொல்வதில் இரண்டு வகை உண்டு. உண்மையான வெடிப்பு பெரும்பாலும் ஒன்றே ஒன்று, அதுவும் பின்பக்க நடுக்கோட்டில், வாயின் விளிம்புக்குள் இருக்கும். அதன் அடையாளம் அரிப்பு அல்ல, வலி. மலம் கழிக்கும்போது கண்ணாடித் துண்டு அறுப்பதுபோல் இருக்கும். முடிந்த பிறகும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் கடுக்கும். பளிச்சென்ற சிவப்பு ரத்தம் வரும். அண்ணனுடையது அப்படியில்லை. வெளித்தோலில், பலவாக, ஆழமில்லாத கீறல்கள். ஊறி வீங்கிய தோலை நகம் கிழித்ததால் வந்தவை. தண்ணீர் பட்டால் எரியும், மலம் கழிக்கையில் அவ்வளவாக வலிக்காது. முதல் வகைக்கு மலத்தை இளக்கி, இறுகிய தசையைத் தளர்த்தும் மருந்து. இரண்டாம் வகைக்குத் தோலைத் தொந்தரவு செய்யாமல் விடுவதே மருந்து.

சரி, இது எப்படித் தொடங்கியது? டாக்டர் அண்ணனிடம் ஒரு நாளின் கதையைக் கேட்டார். விடியற்காலை நாலு மணியிலிருந்து ஸ்டீயரிங் முன்னால் பன்னிரண்டு மணி நேரம், நைலான் கலந்த கால்சட்டை, வியர்வை. தூக்கத்தை விரட்ட ஐந்தாறு கோப்பி ஓ. நேரம் தவறிய சாப்பாடு, இளகிய மலம். கோப்பி வாயை மூடும் உள்தசையைச் சற்றே தளர்த்துகிறது. மூலம் இருந்தால் வாய் முழுதாக மூடாது. இரண்டும் சேர்ந்தால், உணராத அளவுக்குத் துளித்துளியாகக் கசியும். மலத்தில் உள்ள நொதிகள் தோலை அரிக்கும். பிறகு அவர் கழுவுகிறார். பைப்பில் வேகமாக அடித்து, சோப்பால் தேய்த்து, துடைக்காமல் அப்படியே உடுத்திக்கொண்டு இருக்கையில் உட்காருகிறார். சோப்பு தோலின் எண்ணெய்ப் பூச்சை எடுத்துவிடுகிறது. ஈரம் தோலை ஊற வைக்கிறது. ஊறிய தோலில் அடுத்த கசிவு இன்னும் ஆழமாக எரிக்கிறது. இந்த அரிப்போடு வரும் பெரியவர்களில் கணிசமானோர் அழுக்காக இருப்பவர்கள் அல்லர். அளவுக்கு மீறிச் சுத்தமாக இருப்பவர்கள். இதைச் சொன்னால் யாரும் முதலில் நம்புவதில்லை. கழுவக் கழுவ நல்லது என்று பழகியவர்கள் நாம்.

அதன் மேல் பூசியவையும் பங்குக்கு வந்தன. ஈரத் தாளைக் கெடாமல் வைத்திருக்கச் சேர்க்கும் மீத்தைல்ஐசோதயசோலினோன் போன்றவை, வாசனைப் பொருள்கள், சில களிம்புகளில் உள்ள நியோமைசின், மரத்துப்போக வைக்கும் மூலக் களிம்புகள், இவை எல்லாமே தோலில் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியவை. வீரியமான ஸ்டீராய்டு மாதக்கணக்கில் பட்டால் தோல் மெலிந்து காகிதம்போல் ஆகிவிடும். எரிச்சல் அதனாலேயே வரும். எரிகிறது என்று மறுபடியும் அதையே பூசுவார்கள்.

ஏன் ராத்திரி? புழு இல்லாதவருக்கும் ஏன் பன்னிரண்டு மணிக்கு? பகலில் ரோடும் ஹார்னும் கவனத்தை இழுத்துக்கொள்கின்றன. படுத்ததும் கவனம் முழுக்க அங்கே போகிறது. போர்வைக்குள் தோல் சூடாகிறது. உடம்பே சுரக்கும், வீக்கத்தை அடக்கும் கார்டிசால் நள்ளிரவில் மிகக் குறைந்த அளவில் இருக்கிறது. தூக்கத்தில் கை தானாகப் போய்ச் சொறிகிறது. சொறிந்த இடம் இன்னும் அரிக்கிறது.

டாக்டர் தந்த மருத்துவத்தை அப்படியே எழுதுகிறேன். அலமாரியில் உள்ளதையெல்லாம் நிறுத்து. வெறும் தண்ணீரால், பைப்பின் வேகத்தைக் குறைத்து, மலம் கழித்த பின்பும் குளிக்கும்போதும் மட்டும் கழுவு. மென்மையான பருத்தித் துணியால் ஒற்றி எடு, தேய்க்காதே. வீட்டில் முடி உலர்த்தும் மெஷின் இருந்தால் சூடில்லாத காற்றில் அரை நிமிஷம். பகலில் துத்தநாகக் களிம்பு மெல்லிசாக, கசிவு தோலில் படாதபடி. ராத்திரியில் மட்டும், இரண்டு வாரத்துக்கு மட்டும், ஒரு பட்டாணி அளவு 1 விழுக்காடு ஹைட்ரோகார்டிசோன். மலம் கட்டியாக, முழுசாக வெளியேற இசப்கோல் ஒரு ஸ்பூன், கூடவே இரண்டு கிளாஸ் தண்ணீர். கோப்பி, தே தாரேக், காரம், தக்காளி இரண்டு வாரம் விடு. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து எது கிளப்புகிறது என்று பார். நகத்தை ஒட்ட வெட்டு. பருத்தி உள்ளாடை. சர்க்கரைக்கு மாத்திரை.

கசிவு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க அவர் சொன்ன வழி எளிது. கழுவி உலர்த்திய ஒரு மணி நேரம் கழித்து, வெள்ளைத் தாளை லேசாக நனைத்து ஒற்றிப் பார்க்க வேண்டும். பழுப்பு தெரிந்தால் கசிகிறது. அண்ணனுக்கு முதல் வாரம் தினமும் தெரிந்தது. மூன்றாம் வாரத்தில் நின்றது.

முதல் நாலு நாள் நரகம். நீண்டநாள் பூசிய ஸ்டீராய்டை விட்டால் அரிப்பு ஒருமுறை பொங்கி அடங்கும். டாக்டர் அதை முன்கூட்டியே சொல்லியிருந்ததால்தான் அண்ணன் பழைய குழாயைத் தேடிப் போகவில்லை. பத்தாம் நாள் விடியும்வரை தூங்கினார். கீறல்கள் ஆற ஐந்து வாரம் ஆயிற்று. நடுவில் ஒரு தடவை ஈப்போவுக்கு லோடு ஏற்றிப் போன இடத்தில் ஈரத் தாள் உபயோகித்தார்; இரண்டு ராத்திரி திரும்ப வந்தது. கோப்பியை மூன்றாம் வாரம் மீண்டும் தொடங்கினார். நாளைக்கு ஒன்று குடித்தால் சும்மா இருக்கிறது, மூன்றைத் தாண்டினால் வெள்ளைத் தாளில் பழுப்பு தெரிகிறது. அவருக்கு அதுதான் அளவு. இன்னொருவருக்குக் கோப்பிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம்.

எல்லா அரிப்பும் இப்படி அடங்கிவிடாது. ஒழுங்காகச் செய்தும் ஆறு வாரத்தில் குறையவில்லை என்றால் மறுபடியும் காட்ட வேண்டும். தெளிவான எல்லையோடு வழவழப்பான சிவப்புத் திட்டாக இருந்தால் சொரியாசிஸ். தலையிலும் முழங்கையிலும் தேடிப்பார்ப்பார்கள். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு, பெண்ணுறுப்பையும் சேர்த்து எட்டு வடிவில் தோல் வெளுத்துப்போவது லைக்கன் ஸ்கிலரோசஸ். அதற்கு வீரியமான ஸ்டீராய்டுதான் சரியான மருந்து, டாக்டர் கண்காணிப்பில். கட்டி தட்டுப்படுவது, நடுக்கோட்டை விட்டுப் பக்கவாட்டில் ஆறாத புண், மலத்தோடு கலந்த ரத்தம், எடை குறைவது, ஐம்பதுக்கு மேல் மலம் போகும் வழக்கம் திடீரென்று மாறுவது — இவற்றுக்குக் களிம்பு பூசிக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

தோட்டத்தில் வெறுங்காலோடு நடந்து வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு இன்னொன்று. ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற, மண்ணிலிருந்து வரும் புழு வகை, ஒருமுறை காலில் ஏறினால் உடம்புக்குள்ளேயே பெருகி முப்பது நாற்பது வருஷம் தங்கும். பிட்டத்திலும் தொடையிலும் சிவந்த கோடு சில மணி நேரத்தில் பல சென்டிமீட்டர் ஊர்ந்து போவது அதன் அடையாளம். சாதாரணப் பூச்சி மருந்து ஒரு வேளை போட்டால் போகாது, ஐவர்மெக்டின் வேண்டும். ஆஸ்துமாவுக்கோ மூட்டுக்கோ ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கப் போகிறவர்கள், "நான் தோட்டத்தில் வளர்ந்தவன், வெறுங்காலோடு திரிந்தவன்" என்று டாக்டரிடம் சொல்லிவிடுவது அவசியம். அந்த மருந்து உடம்பின் காவலைக் குறைத்தால் இந்தப் புழு உடம்பு முழுக்கப் பரவி உயிருக்கே ஆபத்தாகும்.

அண்ணன் தேறி ஆறு மாதம் கழித்து அண்ணி மறுபடியும் போன் பண்ணினார். இந்தத் தடவை பேத்திக்கு. ஐந்து வயது, தடிக்காவில் படிக்கிறாள். ராத்திரி பத்து மணிக்கு மேல் புரண்டு புரண்டு அழுகிறாள். "சோப்ப நிறுத்திட்டேன், தண்ணியிலதான் கழுவுறேன், காய வைக்கிறேன். ஒண்ணும் கேக்கல," என்றார்.

அன்று ராத்திரி நான் அங்கேயே தங்கினேன். பிள்ளை தூங்கி இரண்டரை மணி நேரம் கழித்து, டார்ச்சை எடுத்துக்கொண்டு போய், மெதுவாகத் துணியை விலக்கிப் பிட்டத்தைப் பிரித்துப் பார்த்தேன். வெளிச்சம் பட்டதும் மடிப்பிலிருந்து ஒரு வெள்ளை நூல் நெளிந்தது. அண்ணிக்கும் காட்டினேன். இப்படிப் பார்க்க முடியாதபோது, காலையில் கழுவும் முன், கக்கூஸ் போகும் முன், ஒளிபுகும் ஒட்டு நாடாவை அந்த இடத்தில் ஒட்டி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிக் கிளினிக்கில் கொடுக்கலாம். மூன்று காலை எடுத்தால் அநேகமாகத் தப்பாது. மலச் சோதனையில் இந்தப் புழு பெரும்பாலும் தெரியாது, முட்டையை வெளியே இடுவதால்.

மறுநாள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மருந்து கொடுத்தோம், அரிப்பு இல்லாதவர்களுக்கும். மருமகள் நாலு மாதம் முழுகாமல் இருந்ததால் அவளுக்கு மட்டும் டாக்டரிடம் கேட்கும்வரை மாத்திரை வேண்டாம் என்றேன். கைகழுவல், நகம், காலைக் குளியல் ஆறு வாரத்துக்கு. பிள்ளைக்கு இறுக்கமான உள்ளாடை போட்டுப் படுக்க வைத்தோம், எழுந்ததும் குளிப்பாட்டினோம், ராத்திரி இட்ட முட்டைகள் தண்ணீரோடு போகட்டும் என்று. படுக்கை விரிப்பை உதறாமல் சுருட்டிச் சுடுதண்ணீரில் போட்டோம். மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால் பதினாலாம் நாள் இரண்டாம் வேளை. அதை மறந்தால் முதல் வேளை வீண்.

அண்ணன் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்குமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அண்ணி சமையல்கட்டு நாள்காட்டியில் இரண்டு வாரம் எண்ணி, சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார்.